பத்தடிக்கு மூன்று அங்குலம்

புது வீட்டில் குடியேறி ஓரிரு வருடத்தில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், முதலில் வீட்டுக்குள் விசாரணை தொடங்கும். துணியைப் போட்டது யார், சோற்றைக் கொட்டியது யார் என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொள்வார்கள். அடைப்பு எடுப்பவர் வந்து குத்திவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே இடத்தில் நிற்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைப்பு வந்தால் வீட்டாரைக் குறை சொல்வதில் பயனில்லை. அந்த இடத்தில் மண்ணுக்கடியில் குழாய் தொய்ந்திருக்கிறது. தொய்ந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிறது, தேங்கிய தண்ணீரில் வேகம் செத்துக் கசடு படிகிறது, படிந்த கசட்டில் அடுத்து வருவது சிக்கிக்கொள்கிறது.

கழிவுநீர்க் குழாயைத் தள்ள மோட்டார் எதுவும் இல்லை. பூமியின் இழுப்பு ஒன்றுதான் அதன் விசை. கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் சரிவு அந்த விசையைத் தருகிறது. வீடுகளில் போடும் நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்ற வாட்டம் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நம் அளவில் சொன்னால் பத்தடி நீளத்துக்கு மூன்று அங்குல இறக்கம். குறைந்தபட்சம் ஐம்பத்தேழுக்கு ஒன்று, அதாவது பத்தடிக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். குழாய் பாதி நிறைந்து ஓடும்போது தண்ணீர் விநாடிக்கு 0.75 மீட்டர் வேகமாவது போக வேண்டும், அப்போதுதான் கசடையும் சேர்த்து இழுத்துப் போகும் என்பது இந்தக் கணக்கின் அடிப்படை. மேல் எல்லையும் உண்டு. வேகம் விநாடிக்கு 2.4 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டைச் சுற்றிய வேலையில் யாரும் அந்த எல்லைக்குப் போவதில்லை. நம் ஊரில் தவறெல்லாம் கீழ் எல்லையில்தான் நடக்கிறது.

இந்த அளவு ஒன்றும் ரகசியமல்ல, பெரும்பாலான பிளம்பர்களுக்குத் தெரிந்ததே. அப்படியிருந்தும் குழாய் ஏன் தொய்கிறது? வாட்டத்தைக் குழாயின் இரண்டு முனைகளில் மட்டும் பார்த்துவிட்டு நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் விடுவதால். "மேல இருந்து கீழ ஒரு அடி இறங்கியிருக்கு சார், தண்ணி தானா ஓடிரும்" என்று சொல்லும்போது அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் தண்ணீருக்கு மொத்த இறக்கம் தெரியாது. தான் நிற்கும் அடியிலிருந்து அடுத்த அடி தாழ்ந்திருக்கிறதா என்பதே அதற்கு முக்கியம். ஒவ்வோர் அடியும் சீராகத் தாழ்ந்திருக்க வேண்டும், மண் மூடிய பின்னும் அப்படியே இருக்க வேண்டும். அதைச் செய்து தருவது குழாய்க்கு அடியில் இருக்கும் படுக்கை. அதனால்தான் வாட்டத்தைக் குழாயில் அமைக்காமல் படுக்கையில் அமைக்க வேண்டும் என்கிறேன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பதடி அகலம், அறுபதடி நீளமுள்ள மனை. தெருவில் பாதாள சாக்கடை வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே இணைப்புத் தொட்டி இருக்கிறது. கழிப்பறை வீட்டின் பின்மூலையில். பக்கவாட்டுச் சந்தில் குழாய் போட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். கழிப்பறைக்கு வெளியே முதல் சேம்பர், அங்கிருந்து இருபதடியில் குளியலறையும் சமையலறையும் சேரும் இரண்டாவது சேம்பர், இன்னும் இருபதடியில் கேட்டுக்கு உள்ளே மூன்றாவது, அங்கிருந்து தெருத்தொட்டி பத்தடி. ஆக ஐம்பதடி.

கணக்கைக் கழிப்பறையிலிருந்து தொடங்குவது பலருடைய வழக்கம். அது தலைகீழ். தெருத்தொட்டியின் ஆழத்தை நம்மால் மாற்ற முடியாது. மாற்ற முடியாததிலிருந்துதான் தொடங்க வேண்டும். மதில் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒளி புகும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, அதே மட்டத்தை மனையின் பின்கோடி வரை குறித்துக்கொண்டே போங்கள். அந்தக் குழாய்க்குள் காற்றுக் குமிழி ஒன்று நின்றாலும் மட்டம் பொய்யாகிவிடும். ஆகவே நிரப்பியதும் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. இனி எல்லா ஆழத்தையும் இந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கியே அளக்க வேண்டும். மேடும் பள்ளமுமான தரையிலிருந்து அளந்தால் அந்த மேடுபள்ளம் அப்படியே குழாய்க்கும் வந்துவிடும்.

தெருத்தொட்டியின் வாய்க்கால் நம் கோட்டிலிருந்து 60 அங்குலம் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் குழாய் அதற்கு இரண்டு அங்குலம் மேலே போய்ச் சேரட்டும், அதாவது 58. பத்தடிக்கு மூன்று அங்குலம் ஏறினால் மூன்றாவது சேம்பரிலிருந்து வெளியேறும் குழாயின் அடி 55-இல் வரும். ஒவ்வொரு சேம்பருக்குள்ளும் ஓர் அங்குலம் இறக்கம் விட்டால், அதற்குள் நுழையும் குழாய் 54. இருபதடிக்கு ஆறு அங்குலம் ஏறினால் இரண்டாவது சேம்பரின் வெளிவாய் 48, உள்வாய் 47. இன்னும் ஆறு ஏறினால் முதல் சேம்பரின் வெளிவாய் 41. கோடு தரையிலிருந்து 24 அங்குலம் உயரத்தில் இருப்பதால், வீட்டின் பின்கோடியில் குழாயின் அடி தரைக்கு 17 அங்குலம் கீழே இருக்கிறது. குழாயின் தடிமன் போக அதன் மேல் ஓரடி மண் கிடைக்கிறது. ஆள் நடக்கும் சந்துக்கு அது போதும். வண்டி நிற்கும் முன்பக்கத்தில் இரண்டடிக்கு மேல் மண் இருக்கிறது, அதுவும் போதும்.

தெருத்தொட்டி ஓரடி மேலே இருந்திருந்தால் முதல் சேம்பரில் குழாய் தரைக்கு ஐந்து அங்குலம் கீழே வந்து நிற்கும். குழாயின் முதுகு ஏறக்குறைய மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்போது சிலர், ஆறு அங்குலக் குழாய் போட்டால் குறைந்த வாட்டம் போதும் என்பார்கள். பல வீட்டுத் தண்ணீர் ஒன்றாகச் சேரும் குழாய்க்கு அது சரி. ஒரே வீட்டின் தண்ணீர் அகலமான குழாயில் மெல்லிசாகப் பரவிப் போகும்; கசடைத் தூக்க ஆழம் இருக்காது. அதைவிட, கழிப்பறையை முன்பக்கமாக நகர்த்துவதோ தரைமட்டத்தை உயர்த்துவதோ நல்லது. இதையெல்லாம் அடித்தளம் போடுவதற்கு முன்பே யோசித்தால்தான் உண்டு. ஆகவே மனை வாங்கியவர் வரைபடம் போடுமுன் தெருத்தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி ஆழத்தை அளந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இனி படுக்கை. குழியைத் தேவையான ஆழத்துக்கு மேல் நான்கு அங்குலம் கூடுதலாக வெட்ட வேண்டும். அகலம் ஒன்றரையடி இருந்தால், குழாயின் இரு பக்கமும் கை விட்டு மண்ணை இறுக்க இடம் கிடைக்கும். அடியில் இருக்கும் கல், வேர், செங்கல் உடைசல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மணலோ எம்-சாண்டோ சிறு சிப்ஸோ நான்கு அங்குலம் பரப்பி, நனைத்து, இடித்து, அதன் முகத்தில் வாட்டத்தை அமைக்க வேண்டும். இரண்டு சேம்பர்களுக்கும் நடுவே நூல் கட்டி, படுக்கையின் முகத்தை நூலிலிருந்து ஒரே தூரத்தில் சீவிக்கொண்டே போவது பழைய முறை. இன்னும் எளிதான வழி ஒன்று உண்டு. பத்தடி நீள மட்டப்பலகையின் ஒரு முனையில் மூன்று அங்குலக் கட்டையை அடித்துக்கொள்ளுங்கள். கட்டையுள்ள முனை தாழ்வான பக்கம் இருக்கும்படி படுக்கையில் வைத்து, மேலே ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் பத்தடிக்கு மூன்று அங்குல வாட்டம் அமைந்துவிட்டது. குழாயைப் பதித்த பின் அதன் முதுகிலும் இதே பலகையை வைத்துப் பார்க்கலாம்.

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு இந்த இடத்தில்தான். படுக்கை அமைக்க நேரமில்லாமல், குழாய்க்கு அடியில் ஐந்தடிக்கு ஒன்றாகச் செங்கல் துண்டுகளை முட்டுக் கொடுத்து, நூலுக்கு ஏற்றிவிடுவார்கள். அன்றைக்குப் பார்த்தால் வாட்டம் கச்சிதமாக இருக்கும். மண்ணைத் தள்ளி மூடியதும் செங்கல் உள்ள இடத்தில் குழாய் நிற்கும், இல்லாத இடத்தில் மேல்மண்ணின் பாரம் அதை அமுக்கும். பிவிசி வளையக்கூடிய பொருள். ஒவ்வொரு மழையிலும் மண் இறங்க இறங்க, இரண்டு செங்கல்களுக்கு நடுவே குழாய் தொங்கிவிடும். அந்தச் செங்கல் துண்டு எல்லாப் பாரத்தையும் ஒரே புள்ளியில் தாங்கிக்கொண்டு குழாயையே நசுக்குவதும் உண்டு. தேவைக்கு மேல் ஆழமாக வெட்டிவிட்டு, எடுத்த மண்ணையே உதறிப் போட்டு உயர்த்துவதும் இதே விளைவைத்தான் தரும். அதிகம் வெட்டிய இடத்தை மணல் அல்லது சிப்ஸ் போட்டு இடித்தே நிரப்ப வேண்டும்.

எவ்வளவு இறங்கினால் தொந்தரவு? பத்தடித் துண்டில் மூன்று அங்குல வாட்டம் இருக்கிறது. அதன் நடுப்பகுதி இரண்டு அங்குலம் அமுங்கிவிட்டது. ஐந்தாவது அடியில் குழாய் ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். இப்போது மூன்றரை இறங்கியிருக்கிறது. பத்தாவது அடியிலோ மூன்றுதான். ஆக நடுவில் அரை அங்குலத் தண்ணீர் நிரந்தரமாக நிற்கும். அதே குழாயைக் குறைந்தபட்ச வாட்டத்தில் போட்டிருந்தால் அங்கே ஏறக்குறைய ஓர் அங்குலம் நிற்கும். விதி அனுமதிக்கும் குறைந்தபட்சத்தை விட்டு நான் மூன்று அங்குலத்தைப் பிடித்துக்கொள்வது இதற்காகத்தான். கூடுதல் வாட்டம் தண்ணீரின் வேகத்துக்கு மட்டும் அல்ல, பிற்பாடு மண் செய்யப்போகும் குறும்புக்கும் சேர்த்து வைக்கும் சேமிப்பு.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். அங்கே நான்கு அங்குலப் படுக்கை போதாது. கூடுதலாக வெட்டி, கரிசலை அகற்றி, மணலாலோ கிராவலாலோ நிரப்ப வேண்டும். மூட்டுகளும் பசை போட்டு இறுக்கியதாக இல்லாமல் ரப்பர் வளையம் வைத்ததாக இருந்தால், மண் அசையும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பாறை கண்ட இடத்தில் படுக்கையை ஆறு அங்குலமாக்க வேண்டும், இல்லையென்றால் பாறையின் மூக்கு குழாயைக் குத்தும். ஏரி, குட்டையை நிரவிப் போட்ட மனைப்பிரிவுகள்தான் எல்லாவற்றிலும் மோசம். அங்கே நிரப்பிய மண் பல வருடம் இறங்கிக்கொண்டே இருக்கும். அத்தகைய மனையில் குழாயை வீட்டுச் சுவருக்குள் இறுக்கிப் பூசிவிடக் கூடாது. சுவரில் சற்றே பெரிய துளை விட்டு, இடைவெளியை மிருதுவான பொருளால் அடைத்தால், சுவரும் குழாயும் தனித்தனியே அசைய இடமிருக்கும்.

குழாயைத் தாழ்ந்த முனையிலிருந்து மேல்நோக்கிப் பதித்துக்கொண்டு வர வேண்டும். அகன்ற வாய் மேட்டைப் பார்த்து இருக்கட்டும். அப்போது தண்ணீர் மூட்டில் இடறாமல் போகும். அந்த அகன்ற வாய் குழாயைவிடப் பருமனானது. ஆகவே அது வரும் இடத்தில் படுக்கையில் சிறு குழி தோண்ட வேண்டும். தோண்டாவிட்டால் குழாய் முழுவதும் அந்த வாயின் மேல் தூக்கி நிற்கும், அடியில் வெற்றிடம் இருக்கும். ரப்பர் வளைய மூட்டில் குழாயை முழுக்கத் தள்ளிக் குறியிட்டுவிட்டு, பத்து மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். வெயிலில் பிவிசி நீள்வதற்கான இடம் அது. சுவரோடு ஏறும் சாம்பல் நிறக் குழாய்க்கு வேறு தரம். மண்ணுக்குள் புதைக்கவென்றே செங்காவி நிறத்தில் ஐ.எஸ். 15328 முத்திரையோடு குழாய் வருகிறது. விலை கொஞ்சம் அதிகம். மண்ணுக்குள் போகும் ஐம்பதடிக்கு அந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தேவையில்லை.

சேம்பரைச் சிலர் வெறும் பெட்டியாகக் கட்டிவிடுகிறார்கள். நாலு சுவர், தட்டையான தரை, ஒரு குழாய் வருகிறது, ஒரு குழாய் போகிறது. போகும் குழாய் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலேயும் இருக்கும். கேட்டால் மண் தங்கட்டும் என்று விட்டதாகச் சொல்வார்கள். மழைநீர்த் தொட்டிக்கு அது பொருந்தும். கழிவுநீர்ச் சேம்பரில் தங்குவது மண் அல்ல. அங்கே கசடு ஊறி, நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் ஏறும்.

சேம்பருக்குள்ளும் குழாய் தொடர்வதாகவே தண்ணீர் உணர வேண்டும். அதற்காகக் கான்கிரீட் தளத்தில் குழாயின் பாதியை வெட்டிப் பதித்ததுபோல் அரைவட்ட வாய்க்கால் அமைத்து, அதன் இரு கரையையும் குழாயின் முதுகு உயரம் வரை செங்குத்தாக எழுப்பி, அங்கிருந்து சுவரை நோக்கிப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏற்றி வழவழப்பாகப் பூச வேண்டும். தண்ணீர் மேலேறித் தெறித்தாலும் கரையில் நிற்காமல் வாய்க்காலுக்கே திரும்பிவிடும். பக்கத்திலிருந்து வரும் குளியலறைக் குழாய் நேர்க்குத்தாக வந்து மோதக் கூடாது. ஓட்டம் போகும் திசையில் வளைந்து சேர வேண்டும். சமையலறைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் கல்லி டிராப் வழியாகத்தான் சேம்பருக்கு வர வேண்டும். அதில் நிற்கும் தண்ணீர்தான் வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது.

குழாய் திரும்பும் இடம், இன்னொரு குழாய் சேரும் இடம், வாட்டம் மாறும் இடம் எங்கும் ஒரு சேம்பர் வேண்டும். மண்ணுக்குள் வளைவைப் புதைத்துவிட்டு அதன்மேல் டைல்ஸ் ஒட்டினால், அடைப்பு வரும்போது அந்த டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியில்லை. இரண்டரையடி ஆழம் வரையுள்ள சேம்பர் ஒன்றரைக்கு இரண்டடி உள்ளளவில் இருந்தால், மேலே நின்றபடியே கம்பியை இரு திசையிலும் விட முடியும். அதற்குள் மனிதர் யாரும் இறங்க வேண்டியதில்லை, இறக்கவும் கூடாது. கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படியிருந்தும் அடைப்பு என்றதும் ஓர் ஆளைத் தேடும் பழக்கம் போகவில்லை. வாட்டமும் சேம்பரும் சரியாக அமைந்த வீடு அந்தக் கொடுமைக்குத் துணைபோகாது.

மூடியைத் தரையிலிருந்து ஓரிரு அங்குலம் உயர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் உள்ளே புகாது. மாடியின் மழைநீர்க் குழாயை இதில் சேர்ப்பது பெரிய தவறு. ஒரு கனமழையில் தெருக் குழாய் நிரம்பி, எல்லாம் நம் கழிப்பறை வழியாகவே திரும்பி வரும்.

குழியை மூடுமுன் மூன்று காரியம் பாக்கியிருக்கிறது. முதலாவது நீர்ச் சோதனை. தாழ்ந்த முனையை அடைத்து, மேல் முனையில் ஐந்தடி உயரக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தித் தண்ணீர் நிரப்பி, அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் ஏதோ ஒரு மூட்டு கசிகிறது; ஈரம் கண்ட இடத்தைத் திறந்த குழியிலேயே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது, பந்து. குழாயின் உள்ளளவைவிட அரை அங்குலம் சிறிய வழவழப்பான பந்தை மேல் சேம்பரில் விட்டால், தடையில்லாமல் உருண்டு கீழ்ச் சேம்பருக்கு வர வேண்டும். மூட்டுக்குள் துருத்தும் ரப்பர் வளையம், வழிந்து உறைந்த கலவை இதில் அகப்பட்டுவிடும். மூன்றாவது, வெளிச்சம். ஒரு சேம்பரில் டார்ச் லைட்டைக் காட்டி, அடுத்த சேம்பரில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் குழாயின் உள்பக்கம் தெரியும். முழு வட்டம் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எங்காவது தண்ணீர் தகடாக மின்னினால் அங்கே தொய்வு. பழைய வீட்டில் அடைப்புக்குக் காரணம் தேடுகிறவர்களும் இதையே செய்யலாம்.

பிறகு மூடுதல். முதலில் குழாயின் இரு பக்கமும் கையால் மணலைத் திணித்து, இரண்டையும் சமமாக உயர்த்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிரப்பினால் குழாய் நகர்ந்துவிடும். முதுகுக்கு மேல் ஓரடி வரை கல்லில்லாத மண். அந்த ஓரடிக்குள் கனமான இடிகட்டை வேண்டாம். அதற்கு மேல் ஆறு அங்குலம் ஆறு அங்குலமாக மண்ணைப் போட்டு இடிக்கலாம். மண் சீக்கிரம் அமுங்கட்டும் என்று குழியில் தண்ணீரை நிறைத்துவிடுவது பல ஊர்களில் பழக்கமாக இருக்கிறது. உள்ளே காலியாக இருக்கும் பிவிசி குழாய் அந்தத் தண்ணீரில் மிதந்து மேலெழும். நூல் கட்டி அமைத்த வாட்டம் ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஈரப்படுத்தத் தெளித்தால் போதும்.

வீடு கட்டுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கான்கிரீட் போடும் நாளில் விடுப்பு எடுத்து நிற்பதுபோல், குழாய்க்கு மண் மூடும் நாளிலும் போய் நில்லுங்கள். குழி திறந்திருக்கும்போதே அளவு நாடாவை வைத்துப் புகைப்படம் எடுங்கள். சேம்பருக்குச் சேம்பர் உள்ள தூரத்தையும், கோட்டிலிருந்து உள்ள ஆழத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். சோதனை மூன்றும் முடிகிற வரை ஒரு மண்வெட்டி மண்கூட விழவிடாதீர்கள்.